ஆடட்டும் சார், ஆனா...

காரைக்காலில் கணக்கு வாத்தியாராக இருக்கும் நண்பர் ராத்திரி பத்து மணிக்கு போன் செய்தார். பள்ளி ஆண்டு விழாவை யூடியூபில் போடப் போகிறார்களாம். பெற்றோரிடம் சம்மதக் கடிதம் வாங்கணும். "நீதான் பத்திரிகையில எழுதறியே, நாலு வரி எழுதிக் கொடேன்" என்றார்.

ஒரே வரியில் முடித்தேன். "என் மகன்/மகள் ஆண்டு விழாவில் பங்கேற்கவும், அதைப் படமெடுத்து வெளியிடவும் முழுச் சம்மதம்." கச்சிதம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மறுபடி போன். மூன்றாம் வகுப்புப் பெண்ணின் அம்மா ஒருவர் கையெழுத்துப் போடாமல் காகிதத்தைக் கொண்டுவந்திருக்கிறார். "ஆடட்டும் சார். யூடியூப்ல மட்டும் வேணாம். அதை இதுல எங்க எழுதறது?"

எழுத இடமில்லை. பங்கேற்க'வும்', வெளியிட'வும்' என்று இரண்டு 'உம்' போட்டு ஆட்டத்தையும் யூடியூபையும் ஒன்றாகக் கட்டிவிட்டிருந்தேன். ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றையும் வாங்கிக்கொள்ள வேண்டும், ரேஷன் கடையில் சர்க்கரையோடு சோப்பைத் தலையில் கட்டுகிற மாதிரி.

அந்த அம்மா அடி தாங்காமல் புருஷனை விட்டு வந்தவர். எந்த ஊருக்கு வந்தார் என்று அவனுக்குத் தெரியாது. மேடைக்குப் பின்னால் பள்ளிப் பெயரோடு பேனர், மைக்கில் குழந்தையின் பெயர், மூன்று நிமிஷக் கும்மி. விலாசம் கொடுக்க வேறென்ன வேண்டும்?

வெட்கத்தோடு சட்டத்தைப் புரட்டினேன். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அதுவும் சரிபார்க்கக்கூடிய சம்மதமாக இருக்கணும். பையனே அப்பா கையெழுத்தைப் போடும் நம் காலத்து ராங்க் கார்டு வித்தை செல்லாது. சம்மதம் எதற்கென்று குறிப்பாகச் சொல்லணும், நிபந்தனை கூடாது. கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்கணும். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. இந்தப் பகுதி அமலாக அதிலிருந்து பதினெட்டு மாத அவகாசம். அதற்காக அந்த அம்மாவைப் பதினெட்டு மாதம் காத்திருக்கச் சொல்ல முடியுமா?

மறுபடி எழுதினேன். முதல் வரி: "கீழே எதற்கு 'வேண்டாம்' என்றாலும் உங்கள் பிள்ளை மேடையில் ஆடுவார்." அதன்பின் தனித்தனிக் கேள்விகள். பள்ளிக்குள் போட்டுக் காட்டலாமா? பெற்றோருக்குப் பென் டிரைவில் தரலாமா? யூடியூபில் போடலாமா? பெயரைச் சொல்லலாமா? ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை. எத்தனை நாள் இருக்கும், மனசு மாறினால் யாரிடம் சொல்வது என்று கடைசியில் இரண்டு வரி.

"லிங்க்கை நம்ம பேரன்ட்ஸ் குரூப்ல மட்டும் போட்டாப் போச்சு" என்றார் நண்பர். யூடியூபில் `Unlisted` என்று போட்டால் தேடலில் வராதே தவிர, லிங்க் கையில் கிடைத்த யாரும் பார்க்கலாம். வாட்ஸப் குரூப்பில் ஒரு மாமா போதும்.

அடுத்த சிக்கல் கேமராமேன். 'இல்லை' சொன்ன பிள்ளை யாரென்று அவருக்கு எப்படித் தெரியும்? கும்மியில் எல்லோரும் சுற்றிச் சுற்றி வருவார்கள், ஒரு முகத்தை மட்டும் மறைத்தால் மற்றவர்கள் "அது யாரு?" என்றுதான் பார்ப்பார்கள். குழந்தையை ஓரத்தில் நிறுத்துவது அதைவிட மோசம். அதனால் ஒரே பிள்ளைக்கு 'இல்லை' என்றாலும் அந்த நிகழ்ச்சி முழுக்க யூடியூபுக்குப் போகாது என்று முடிவு. நிகழ்ச்சி வரிசைத் தாளிலேயே அதன் எதிரே சிவப்புப் பேனாவில் ஒரு கோடு. கேமராமேன் கையில் அது மட்டும். காரணம் அவருக்கு வேண்டாம்.

பிற்பாடு ஒருவர் மனசு மாறினால், போட்ட வீடியோவிலிருந்து அந்தத் துண்டை யூடியூப் எடிட்டரிலேயே வெட்டலாம், லிங்க் மாறாது. ஆனால் அதற்குள் யாராவது இறக்கி வைத்திருந்தால் அது போனதுதான். முன்வரிசையில் செல்போன் தூக்குகிற அப்பாக்களை எந்தக் கடிதமும் கட்டுப்படுத்தாது. மைக்கில் கெஞ்சலாம்.

காரைக்காலுக்கே உரிய ஒரு கேள்வியும் வந்தது. அப்பா பாரிஸில், அம்மா இங்கே. யார் கையெழுத்து? நம் சட்டம் 'பெற்றோர்' என்பதோடு நிற்கிறது. பிரான்சில் 2024 பிப்ரவரியில் வந்த சட்டமோ பிள்ளையின் படத்துக்கான உரிமையை அப்பாவும் அம்மாவும் சேர்ந்தே காக்க வேண்டும் என்கிறது. அந்த வீட்டில் இருவருமே எழுதி அனுப்பினார்கள். அம்மா 'ஆம்', அப்பா 'இல்லை'. அந்த நிகழ்ச்சிக்கும் சிவப்புக் கோடு.

விழா முடிந்தது. இருபத்திரண்டு நிகழ்ச்சியில் பதினேழு யூடியூபுக்குப் போயின. கும்மி போகவில்லை. அந்தப் பெண் இரண்டாவது வரிசையில் ஒரு சுற்றுத் தப்பாகச் சுற்றி, பக்கத்துப் பெண்ணோடு முட்டிக்கொண்டு சிரித்ததாம். பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போன அந்த அம்மா, மறுநாள் வந்து கேட்டாராம்: "சார், அந்த முட்டிக்கிட்ட இடத்தை மட்டும் தனியா ஒரு போட்டோவா எடுத்துத் தர முடியுமா?"