வாய் உலர்ந்தால் கேட்கும் ‘டிக்’

வானொலியில் வேலை செய்கிறவர்களுக்குப் பிடிக்காத சத்தம் ஒன்று உண்டு. வாய் உலர்ந்திருக்கும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டி விடுபடும் அந்த ‘டிக்’. மைக் அதை இரக்கமில்லாமல் காட்டிக்கொடுத்துவிடும். கிள்ளானில் இருக்கும் என் பெரியம்மா அனுப்பும் குரல் பதிவுகளிலும் சில மாதங்களாக அது கேட்டது. விசாரித்தால், “வயசாச்சு இல்ல, தொண்ட காயுது” என்றார்.

வயது மட்டும் அல்ல காரணம். அவருக்கு 74 வயது. அடிக்கடி சிறுநீர் வருவதைக் கட்டுப்படுத்த ஆக்ஸிபியூட்டினின் சாப்பிடுகிறார். நீரிழிவால் வந்த கால் எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின். எச்சிலைச் சுரக்கச் சொல்லி நரம்பு அனுப்பும் கட்டளையை இரண்டுமே தடுக்கும். தனியாக எடுத்தாலே வாய் உலரும். சேர்ந்தால் கேட்க வேண்டாம். ஒரு பிஸ்கட்டைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியாத நிலைக்கு அவர் வந்திருந்தார்.

அதனால் படுக்கை பக்கத்தில் பெரிய தண்ணீர் பாட்டில். இரவெல்லாம் குடிப்பது, இரவெல்லாம் எழுந்து கழிவறைக்குப் போவது, பிறகு “அந்த மாத்திரை வேலையே செய்யல” என்று புலம்புவது. பாவம், மாத்திரை என்ன செய்யும்?

இன்னொரு துணை, அசாம் போய். புளிப்பு பட்டதும் எச்சில் ஊறும் என்பது உண்மைதான். ஆனால் அமிலத்தைக் கழுவி விடுவதும் எச்சிலின் வேலை. எச்சில் குறைந்த வாயில் புளிப்பு அப்படியே தங்கிப் பல்லை அரிக்கும். வயதானவர்களுக்கு ஈறு இறங்கி, எனாமல் இல்லாத வேர்ப்பகுதி வெளியே தெரிவதால் சொத்தை அங்கேதான் முதலில் பிடிக்கும். பெரியம்மாவுக்கு ஈறோரம் பழுப்பாக இரண்டு இடங்களைப் பல் மருத்துவர் காட்டினார்.

மருந்தகத்தில் ஸ்பிரே, ஜெல், சப்பும் மாத்திரை என்று வரிசையாக இருக்கும். எது வேண்டும் என்பதை முடிவு செய்ய எளிய வழி உண்டு. சர்க்கரையில்லாத சூயிங்கத்தை இரண்டு மூன்று நிமிடம் மெல்லச் சொல்லுங்கள். பல்செட் வைத்திருப்பவர் சர்க்கரையில்லாத மிட்டாயைச் சப்பலாம். எச்சில் ஊறினால் சுரப்பி விழித்திருக்கிறது, தூண்டினால் போதும். மருந்தால் வரும் வறட்சியில் பெரும்பாலும் இப்படித்தான், சுரப்பி கெட்டுப்போயிருக்காது. ஒன்றுமே ஊறவில்லை என்றால் வெளியிலிருந்து நனைக்கும் ஜெல்லும் ஸ்பிரேயும்தான் வழி.

பெரியம்மாவுக்கு ஊறியது. ஆகவே பகலில், சாப்பாட்டுக்குப் பிறகும் வாய் காயும்போதும் சைலிட்டால் கலந்த மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். ‘எச்சில் தூண்டும்’ என்று எழுதியிருக்கும் சிலவற்றில் சிட்ரிக் அமிலம் இருக்கும். சொந்தப் பல் உள்ளவர்களுக்கு அது அசாம் போயின் தங்கச்சிதான். சைலிட்டால் அதிகமானால் வயிறு இளகும். வீட்டில் நாய் இருந்தால் அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள், நாய்க்கு அது விஷம்.

ஸ்பிரே கைப்பைக்கு நல்லது. கோயிலில், கல்யாண வீட்டில் பேசும் முன் அடித்துக்கொள்ளலாம். ஆனால் அதன் ஈரம் நெடுநேரம் நிற்காது. பலர் இரண்டு நாளில் “வேஸ்ட்” என்று தூக்கிப் போடுவது இதனால்தான்.

இரவுக்கு ஜெல். தூங்கும்போது எல்லாருக்கும் எச்சில் மிகக் குறைவு. மருந்து சாப்பிடுபவருக்கு இன்னும் குறைவு. பல் துலக்கிய பிறகு, பட்டாணி அளவு எடுத்து நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் ஈறிலும் விரலால் மெல்லிதாகத் தடவ வேண்டும். அள்ளிப் பூசினால் கொழகொழவென்று குமட்டும். சப்பும் மாத்திரையை வாயில் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது, தொண்டையில் சிக்கிவிடும். ஜெல் வந்த பிறகு, நடு இரவில் விழித்தால் பெரியம்மா ஒரு மடக்கோடு நிறுத்திக்கொள்கிறார்.

இவையெல்லாம் நனைக்கும், காரணத்தை நீக்காது. அதனால் மாத்திரை எல்லாவற்றையும், சளிக்கு வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டு மருந்தாளரிடம் காட்டினோம். அவர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து மருத்துவர் சிறுநீர் மாத்திரையை வாயை அவ்வளவாக உலர்த்தாத வேறு வகைக்கு மாற்றினார். நாமாக எதையும் நிறுத்தக்கூடாது. கால் எரிச்சல் மாத்திரை தொடர்வதால் ஜெல்லும் தொடர்கிறது.

மருந்தாளர் பெரியப்பாவுக்கும் ஒன்று சொன்னார். அவர் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் கிளிசரில் டிரைநைட்ரேட் மாத்திரை வைத்திருக்கிறார். உலர்ந்த வாயில் அது கரையத் தாமதமாகும். முதலில் ஒரு மடக்குத் தண்ணீரால் வாயை நனைத்துவிட்டு வைக்க வேண்டும். வாய் எப்போதும் காய்ந்தே இருந்தால் அதே மருந்தை ஸ்பிரேயாகத் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். பெரியப்பா அடுத்த சந்திப்புக்கான அட்டையின் பின்னால் அதை எழுதி வைத்திருக்கிறார்.