எத்தனை அறை? எத்தனை அடுப்பு?

2027 ஜனத்தொகைக் கணக்கின் முதல் கட்டம் வீட்டுக் கணக்கு. 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையுள்ள காலத்தில் ஒவ்வொரு மாநிலமும் 30 நாட்களைக் குறித்து இதை எடுக்க வேண்டும் என்பது சர்க்கார் ஏற்பாடு. கணக்கெடுப்பாளர் வருவதற்கு முந்திய 15 நாட்களில் குடும்பத்தாரே செல்போன் மூலம் பாரத்தைப் பூர்த்தி செய்யலாம். இந்த வசதி முதன் முறையாக இப்போதுதான் வருகிறது. மொத்தம் 33 கேள்விகள். தரை, சுவர், கூரை, குடிதண்ணீர், கக்கூஸ், சைக்கிள், டெலிவிஷன் என்று கேட்டுக் கொண்டே போகிறார்கள்.

அவற்றில் இரண்டு கேள்விகளைப் பற்றி நாம் இங்கே பேச விரும்புகிறோம். குடும்பத்தின் வசத்தில் எத்தனை அறை? குடும்பத்தில் எத்தனை தம்பதிகள்? உழைப்பவர் வீட்டு நெரிசல் இந்த இரண்டு விடைகளில்தான் வெளிப்படுகிறது. தவறு நேருவதும் இங்கேதான்.

மில் லயனில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்வோம். பத்தடிக்கு எட்டடியில் ஒரு கூடம். பின்னால் சமையல் மட்டும் செய்கிற சிறு கட்டு. முன்னால் தட்டி கட்டிய திண்ணை. கிழவன், கிழவி, மூத்த மகன், மனைவி, இரண்டு குழந்தைகள், இளைய மகன், மனைவி. ஆக எட்டுப் பேர். சமையல் ஒன்றே.

"எத்தனை அறை?" என்றதும் கூடம், சமையல்கட்டு, திண்ணை என்று எண்ணி "3" என்று போட்டு விடுகிறோம். கௌரவமாகவும் தோன்றுகிறது. ஆனால் கணக்கில் அறை என்றால் அதற்கு அளவு உண்டு. சுவரும் கூரையும் வாசலும் வேண்டும். ஆள் படுக்க இடம் வேண்டும்: நீளம் 2 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர், உயரம் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. சமையலுக்கு மட்டுமான கட்டும், திண்ணையும், குளியலறையும் அறை ஆகா. ஒரே அறையில் சமைத்து அங்கேயே படுத்தால் அது அறைதான். ஆகவே இந்த வீட்டில் அறை 1, தம்பதிகள் 3.

"3" என்று எழுதினால் என்ன ஆகும்? மூன்று தம்பதிக்கு மூன்று அறை. குறை ஒன்றுமில்லை என்று கணக்குச் சொல்லும். திண்ணையில் பனியில் படுப்பவன் கணக்கிலிருந்து மறைந்து போவான். 2012-ல் மத்திய சர்க்கார் அமைத்த நிபுணர் குழு நகரங்களில் சுமார் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. அதில் ஏறக்குறைய 1 கோடியே 50 லட்சம் நெரிசலால் வந்தது. வீடே இல்லாதவர்களைவிட, தனி அறையில்லாத தம்பதிகளே மிகப் பெரும் பகுதி. அறையை ஒன்று கூட்டி எழுதினால் அந்தப் பகுதி சுருங்கிவிடும்.

இளைய மகன் தனியே உலை வைக்கிறான் என்றால் விஷயமே வேறு. ஒரே கூரை ஆனாலும் ஒரே அடுப்பில் உண்பவர்களே ஒரு குடும்பம். அடுப்பு இரண்டானால் குடும்பம் இரண்டு, பாரமும் இரண்டு. கூடம் அண்ணன் வசத்தில் இருந்து, தம்பியும் மனைவியும் திண்ணையில் படுத்தால், தம்பி பாரத்தில் அறை "0". சைபர் போடுவதில் வெட்கமில்லை, அது உண்மை. மூன்றாவது மகன் ஒருவன் திருப்பூரில் குடியிருந்து வேலை செய்கிறான் என்றால், அவனுக்கு அங்கேதான் கணக்கு.

"உள்ளதைச் சொன்னால் ரேஷன் கார்டு போய் விடுமா? புறம்போக்குக் குடிசையை இடிப்பார்களா?" என்று கேட்கிறார்கள். 1948-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குச் சட்டத்தின் 15-வது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. தனிப்பட்டவர் கொடுத்த விவரத்தை மற்றவர் பார்வையிட உரிமையில்லை. பொதுவாகக் கோர்ட்டில் சாட்சியமாக வைக்கவும் முடியாது. குடிசை சொந்தமா என்ற கேள்வியிலும், வீடு யாருடையது என்பதுதான் விஷயம். அடிமனை யாருடையது என்பதல்ல. நாமே கட்டி, வாடகையில்லாமல் குடியிருந்தால் சொந்தம் என்றே எழுதலாம். ஆனால் இந்த விடையைக் காட்டிப் பட்டா கேட்கவும் முடியாது. மறுபுறம், தெரிந்தே பொய் எழுதினால் அதே சட்டத்தில் அபராதம் உண்டு.

பாரத்தைப் படித்த பையனிடமோ கம்ப்யூட்டர் கடையிலோ கொடுத்து எழுதச் சொல்வோர் பலர். கொடுக்குமுன் ஆள், அடுப்பு, அறை, தம்பதி ஆகிய நான்கையும் வீட்டிலேயே எண்ணி ஒரு சீட்டில் குறித்துக் கொள்ளுங்கள். அனுப்புமுன் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். அனுப்பியதும் SE ID என்ற எண் வரும்; அதைப் பத்திரப்படுத்திக் கணக்கெடுப்பாளரிடம் காட்ட வேண்டும். பிழை இருந்தால் அப்போதே அவரிடம் சொல்லுங்கள். அவர் தெருவைத் தாண்டிப் போன பின், திண்ணை அறையாகவே நின்று விடும்.