முதுகு வளைவது ஊழியரின் குற்றமா?

ஆந்திர மாநிலத்தில் 2019 அக்டோபர் 2 அன்று கிராம, வார்டு செயலகங்கள் தொடங்கப்பட்டன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் குப்பம் வட்டாரத்தின் சாந்திபுரம் மண்டலமும் அந்த அமைப்புக்குள் வந்தது. ஓய்வூதியம், சான்றிதழ், நலத்திட்ட விண்ணப்பம் என மக்களின் ஒவ்வொரு கோரிக்கையும் இறுதியில் ஒருவருடைய விரல்நுனிக்கு வந்து சேர்கிறது. அவர்தான் செயலகத்தின் டிஜிட்டல் அசிஸ்டென்ட். நாள் முழுவதும் பதிவு செய்யும் இத்தகைய ஊழியர்கள் முதுகுவலி, கண் எரிச்சல் என்று முறையிட்டால், “நேராக உட்காருங்கள்” என்பதே வழக்கமான பதில். இந்தப் பதில் வலியின் பொறுப்பை மேசையிலிருந்து முதுகுக்கு மாற்றி விடுகிறது.

ஓர் அளவுநாடா இருந்தால் உண்மை தெரிந்துவிடும். அரசு அலுவலக மேசையின் உயரம் பொதுவாக 75 செ.மீ.; நாற்காலியின் உயரம் ஏறத்தாழ 45 செ.மீ. 150 செ.மீ. உயரமுள்ள பெண் ஊழியர் ஒருவர் அதில் அமர்ந்தால், அவரது முழங்கை தரையிலிருந்து சுமார் 65 செ.மீ. உயரத்தில் இருக்கும். விசைப்பலகையோ அதைவிட 10 செ.மீ.க்கு மேல் உயரத்தில் இருக்கிறது. எனவே தோள்களைத் தூக்கியபடியே தட்டச்சு செய்ய வேண்டும். பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிவதில்லை. பிடிமானம் தேடி உடல் நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்கிறது; முதுகுச் சாய்வு பயனற்றுப் போகிறது. விண்ணப்பத் தாள் மேசையில் படுத்துக் கிடப்பதால் ஒவ்வொரு வரிக்கும் கழுத்து கீழே குனிந்து, திரைக்காக மீண்டும் நிமிர்கிறது. எழுதுவதற்காகச் செய்த மேசையில் தட்டச்சு வேலையை ஏற்றியதன் விளைவு இது.

கண்ணின் கதையும் இதுவே. திரையை உற்று நோக்கும்போது இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்து விடுகிறது. கண்ணீர்ப் படலம் உலர்ந்து எரிச்சல் உண்டாகிறது. முதுகுக்குப் பின்னால் சன்னல் இருந்தால் அதன் ஒளி திரையில் பளபளக்கும்; திரைக்குப் பின்னால் இருந்தால் கண் கூசும். சன்னல் பக்கவாட்டில் அமையுமாறு மேசையைத் திருப்புவதற்குச் செலவே இல்லை.

மற்றவையும் பெருஞ்செலவு அல்ல. மேசைக்கு அடியில் விசைப்பலகைக்கான இழுப்புப் பலகை, காலடியில் ஐந்தாறு செ.மீ. உயர மரப்பலகை, தாளைத் திரையருகே நிமிர்த்தி வைக்க ஒரு தாங்கி ஆகியவை போதும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்க வேண்டும். ஆனால் எத்தனை நல்ல நாற்காலியாயினும், நான்கு மணி நேரம் அசையாமல் அமர்ந்தால் முதுகு நோகும். மணிக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் எழுந்து வேறு வேலை செய்வது அவசியம். வாசலில் வரிசையும், இன்று மாலைக்குள் சர்வேயை முடிக்கச் சொல்லும் உத்தரவும் இருக்கையில் அந்த இடைவேளையை யார் எடுக்க முடியும்? வேலைப்பளுவைக் கணக்கில் எடுக்காத மறுஆய்வு நாற்காலி வாங்குவதோடு முடிந்து போகும்.

இதைச் சலுகையாகக் கருதுவோர் வரலாற்றைப் பார்க்கட்டும். தந்தி ஊழியர்களின் கைப்பிடிப்பை 1908லேயே பிரிட்டன் இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றது. திரையில் பணிபுரிவோருக்குக் கண் பரிசோதனையையும் வேலையிடை மாற்றத்தையும் 1990ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆணை உரிமையாக்கியது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2010 தொழில்நோய்ப் பட்டியலில் தசை, எலும்பு சார்ந்த நோய்கள் இடம்பெற்றன.

இந்தியாவில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு என்ன செய்கிறது? அறிவிக்கத்தக்க தொழில்நோய்களின் அதன் பட்டியலில் ஈய நச்சும் சிலிகோசிஸும் உண்டு. தட்டச்சு செய்வோரின் முதுகும் கழுத்தும் இல்லை. அதைவிட, மத்திய, மாநில அரசு அலுவலகங்களுக்கு இத்தொகுப்பே பொருந்தாது. அங்கு ஒப்பந்ததாரர் வழி அமர்த்தப்படுவோருக்கு மட்டுமே விதிவிலக்கு. தனியாருக்குச் சட்டம் இயற்றும் அரசு, முதலாளியாகத் தன்னை அதிலிருந்து விலக்கிக் கொண்டது.

எனவே ஆய்வைச் சங்கமே தொடங்கலாம். கடந்த ஏழு நாட்களிலும் பன்னிரண்டு மாதங்களிலும் உடலின் எந்தப் பகுதியில் வலி, அதனால் வேலை தடைபட்டதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறிக்க வேண்டும். விடுமுறையில் தணிந்து வேலை நாட்களில் திரும்பும் வலியும், ஒரே இருக்கையில் மாறி மாறி அமர்வோருக்கு ஒரே இடத்தில் வரும் வலியும் பணியிடத்தையே சுட்டும். கால் மரத்துப் போவோரைத் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இந்தக் குறிப்போடு மேசை, நாற்காலி, முழங்கை உயரங்களையும், ஒரு நாளின் பதிவு எண்ணிக்கையையும் சேர்த்து மாவட்ட நிர்வாகத்தின் முன் வைத்தால், “நேராக உட்காருங்கள்” என்ற பதில் செல்லாது. மேசையை மாற்று, இடைவேளையை வேலை நேரமாக எண்ணு, ஆண்டுதோறும் அரசுச் செலவில் கண்ணைப் பரிசோதி, அரசு அலுவலகங்களுக்கான விலக்கை நீக்கு என்பவையே கோரிக்கைகள்.