ஒரே தொகைக்குள் இரண்டு பணம்

கள்ளிக்குப்பத்திலும் சுற்றியுள்ள அம்பத்தூர், ஆவடி பகுதிகளிலும் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிய குடும்பங்கள் பல. மகளின் பிரசவத்துக்கோ பேரனைப் பார்க்கவோ கிளம்பும் பெற்றோரில் பலர் விசாவுக்கு ஏஜென்ட்டைத்தான் நாடுகிறார்கள். "ரெண்டு பேருக்கும் சேர்த்து விசா ஃபீஸ் அறுபதாயிரம், ஜிஎஸ்டி தனி" என்று ஒரே தொகையாகச் சொல்லப்படுகிறது. நேர்காணலில் விசா மறுக்கப்பட்டால், "விசா ஃபீஸ் திரும்ப வராதுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பதில் பாதித் தொகைக்குத்தான் பொருந்தும். மீதிப் பாதிக்கும் அதையே சொல்லும் வழக்கம் நிறுத்தப்பட வேண்டும்.

அந்த அறுபதாயிரத்தைப் பிரித்துப் பார்ப்போம். அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கான விண்ணப்பக் கட்டணம் 2023 ஜூன் மாதத்தில் 160 டாலரிலிருந்து 185 டாலராக உயர்த்தப்பட்டது. இருவருக்கு 370 டாலர். கணக்குக்கு ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 33,300 ரூபாய். இது விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதற்கான கட்டணம். விசா கிடைத்தாலும் மறுக்கப்பட்டாலும் பரிசீலனை நடந்துவிடுகிறது, ஆகவே இது திரும்பாது. இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. கட்டிய நாளிலிருந்து 365 நாட்களுக்குள் நேர்காணலுக்குத் தேதி பதிவு செய்யாவிட்டால் காலாவதியாகிவிடும். மறுக்கப்பட்டவர் மீண்டும் விண்ணப்பித்தால் மறுபடியும் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். இதில் ஏஜென்ட்டிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அந்தப் பணம் அவரிடம் இல்லை.

மீதி 26,700 ரூபாய் அவருடைய சர்வீஸ் சார்ஜ். இதற்கு எந்தத் தூதரகமும் விலை வைக்கவில்லை. அவர் கேட்கிறார், நாம் சம்மதிக்கிறோம், அவ்வளவுதான். ஆகவே பணம் கொடுக்கும் முன் தாராளமாகப் பேசிக் குறைக்கலாம், தவணையாகப் பிரிக்கலாம், எந்த வேலை நடக்காவிட்டால் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்கலாம்.

இரண்டையும் பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும். இந்தத் தொகை தூதரகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் எல்லோருக்கும் ஒன்றாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா? பணம் கட்டியதற்கான ரசீது விண்ணப்பதாரரின் பெயருக்கு உரிய கணக்கில் வருகிறதா? பில்லில் இதன்மீது ஜிஎஸ்டி போடப்படுகிறதா? முதல் இரண்டுக்கும் 'ஆம்', மூன்றாவதுக்கு 'இல்லை' என்றால் அது விசா கட்டணம். அமெரிக்க விசாவில் மற்றதெல்லாம் ஏஜென்ட்டின் வருமானம்.

மூன்றாவது கேள்வியைச் சற்று விளக்க வேண்டும். வாடிக்கையாளர் சார்பில் ஏஜென்ட் வேறொருவருக்குக் கட்டும் தொகையை வரிக் கணக்கிலிருந்து விலக்க, 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 33-ஆவது விதி வழி செய்கிறது. வாடிக்கையாளரின் ஒப்புதலோடு கட்ட வேண்டும், கட்டிய அளவுக்கு மேல் ஒரு ரூபாயும் வசூலிக்கக் கூடாது, பில்லில் தனியாகக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் 26,700 ரூபாய்க்கு மட்டும் 18 சதவீதம், அதாவது 4,806 ரூபாய் வரி. ஒரே வரியில் 60,000 என்று எழுதி அதற்கு வரி போட்டால் 10,800 ரூபாய். பிரித்து எழுதாத பில்லால் மட்டும் அந்தப் பெற்றோர் கூடுதலாகக் கொடுப்பது 5,994 ரூபாய். முழுத் தொகையையும் தன் சேவைக்கான விலையாகக் காட்டி வரி வசூலித்தவர், பிறகு அதையே தூதரகக் கட்டணம் என்று சொல்லிக் கைவிரிப்பது எந்த விதத்தில் நியாயம்?

இதற்கிடையே 'ஸ்லாட் சார்ஜ்' என்றும் ஒன்று கேட்கிறார்கள். நேர்காணலுக்குச் சீக்கிரம் தேதி எடுத்துத் தர அமெரிக்கத் தூதரகம் தனிக் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. DS-160 படிவம் நிரப்பவும் கட்டணம் கிடையாது. தானியங்கி மென்பொருள் மூலம் பிடிக்கப்பட்ட சுமார் 2,000 நேர்காணல் தேதிகளை இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகம் 2025 மார்ச்சில் ரத்து செய்தது. விதிமீறும் ஏஜென்ட்டுகளைப் பொறுத்துக்கொள்ள மாட்டோம் என்றும் அறிவித்தது. ஸ்லாட்டுக்கென்று கொடுக்கும் பணம் தேதியோடு சேர்ந்து போகக்கூடியது. அதைப் பேசிக் குறைப்பதைவிட, கொடுக்காமல் இருப்பதே சரி.

ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவில் இன்னொரு கட்டணமும் சேரும். பெரியவர்களுக்கு 2024 ஜூன் முதல் விசா கட்டணம் 90 யூரோ. அதோடு, விண்ணப்பம் வாங்கும் விஎஃப்எஸ் போன்ற மையத்தின் சேவைக் கட்டணமும் உண்டு. ஐரோப்பிய விசா விதிகளின்படி இது பொதுவாக விசா கட்டணத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தூதரகம் ஒப்புக்கொண்ட விலை என்பதால் இதிலும் பேரத்துக்கு இடமில்லை. ஆனால் அதே கவுன்டரில் விற்கப்படும் எஸ்எம்எஸ் தகவல், பிரீமியம் லவுஞ்ச் போன்றவை நம் விருப்பம். வேண்டாம் என்று சொல்ல முழு உரிமை உண்டு.

ஏஜென்ட்டின் உழைப்புக்கு மதிப்பில்லை என்பதல்ல நம் வாதம். ஆங்கிலப் படிவத்தில் பழக்கமில்லாத பெரியவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பதும், காகிதங்களை அடுக்குவதும், நேர்காணலுக்குத் தயார்ப்படுத்துவதும் வேலைதான். அந்த வேலையை ஒழுங்காகச் செய்தபின் அதிகாரி மறுத்தால், முழுக் கூலியையும் திருப்பிக் கேட்பது முறையல்ல. படிவம் சமர்ப்பித்ததும் ஒரு பங்கு, நேர்காணல் தேதி உறுதியானதும் ஒரு பங்கு என்று கொடுப்பதே இருவருக்கும் நல்லது. அரசுக் கட்டணத்தை மட்டும் மகனோ மகளோ நேரடியாகத் தளத்தில் கட்டிவிட்டால் குழப்பத்துக்கே இடமிருக்காது. 'விசா நிச்சயம்' என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். முடிவு அதிகாரியின் கையில், அதை விற்கும் உரிமை யாருக்கும் இல்லை.

பில் தராமல் இருப்பதும், குறைபாடான சேவைக்கு உரிய காலத்தில் பணத்தைத் திருப்ப மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகமுறை. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். தான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் ஒரே தொகையாக எழுதிய துண்டுச்சீட்டோடு போய் நிற்பவர், அதில் எவ்வளவு சர்வீஸ் சார்ஜ் என்பதை முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

அதனால்தான் பிரித்து எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறோம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவுபெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர வேறு சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது என்று மத்திய அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. விசா ஆலோசகர்கள் உரிமம் பெற வேண்டும் என்று பஞ்சாப் 2012-லேயே சட்டம் இயற்றியது. தமிழ்நாடு அரசும் விசா ஏஜென்ட்டுகளுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்க வேண்டும். தூதரகக் கட்டணம், மையக் கட்டணம், தன் கூலி ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுதிய தமிழ் ரசீதைப் பணம் வாங்கும்போதே தர வேண்டும் என்பது அந்த உரிமத்தின் முதல் நிபந்தனையாக இருக்கட்டும். மீறினால் உரிமம் ரத்தாக வேண்டும். அதுவரை, பிரித்து எழுதித் தராத இடத்தில் யாரும் பணம் கட்ட வேண்டாம்.