ஒபரேஷனுக்குப் பயந்து கர்ப்பப்பை இறக்கத்தை மறைக்க வேண்டாம்

நமது ஊர்களில் வயதான உம்மாமார் பலர் கர்ப்பப்பை இறக்கத்தை மகளிடம்கூடச் சொல்வதில்லை. சொன்னால் ஒபரேஷன் என்று விடுவார்கள் என்ற பயம். ஒன்று பொறுத்துக்கொள்வது, இல்லாவிட்டால் வெட்டுவது என்றே நாமும் நினைக்கிறோம். இடையில் இன்னொரு வழி இருக்கிறது.

இறக்கத்தை நான்கு படியாகப் பார்ப்பார்கள். முதலாம் படியில் அது உள்ளேயே இருக்கும். இரண்டாவதில் வாசல் வரை வரும். மூன்றாவதில் வெளியே தள்ளும். நான்காவதில் முழுமையாக வெளியே வந்துவிடும்.

முதல் இரண்டு படிகளுக்கும் பயிற்சி பயன் தரும். சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் தசையை உள்ளே இழுத்து, முடிந்தால் 10 வினாடி பிடித்து, பிறகு தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 8 முதல் 10 தடவை, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 4 மாதம். மூச்சைப் பிடித்துக் கீழே முக்குவது பிழை. அது இறக்கத்தைக் கூட்டும்.

எங்கள் உறவில் 70 வயது மாமி ஒருவருக்கு மூன்றாம் படி. சீனி வருத்தமும் இருதய வருத்தமும் இருந்ததால் மயக்க மருந்து ஆபத்து என்றார்கள். கிளினிக்கில் பெசரி எனும் மெதுவான வளையத்தை உள்ளே வைத்தார்கள். வைத்த பின் நடக்க, இரும, சிறுநீர் கழிக்கச் சொல்லிப் பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் மலம் கழிக்கும்போது வளையம் விழுந்துவிட்டது. அதோடு மாமி கைவிடப் பார்த்தார். விழுந்தால் பெரும்பாலும் அளவு சிறிது என்று அர்த்தம். ஒரு அளவு பெரியதை வைத்ததும் நின்றுவிட்டது. உள்தோல் வறண்டு புண்படாமல் இருக்க ஈஸ்ட்ரஜன் கிறீமும் கொடுத்தார்கள்.

ஆனால் வளையத்தை வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. மாமிக்குச் சுமார் 6 மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, புண் இருக்கிறதா என்று பார்த்துத் திரும்ப வைக்கிறார்கள். வருடக்கணக்கில் விட்டால் அது சதையில் புதையலாம், சிறுநீர்ப்பைக்கோ மலக்குடலுக்கோ துளை விழவும் கூடும். கெட்ட வாடையுள்ள நீர், வலி, சிறுநீர் போகாமை இருந்தால் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டால், அது வளையத்தால்தான் என்று நாமாக முடிவெடுக்கவும் கூடாது. புற்றுநோயா என்று பார்க்க வேண்டும்.

வளையம் நிற்காதவர்களுக்கும் விரும்பாதவர்களுக்கும் ஒபரேஷன் இருக்கிறது. வயிற்றை வெட்டாமல் கீழ்வழியாகவே கர்ப்பப்பையை எடுத்து, தளர்ந்த சுவரைத் தைக்கலாம். கர்ப்பப்பையை எடுக்காமல் மேலே தூக்கிக் கட்டவும் முடியும். தாம்பத்தியம் இனி இல்லை என்ற உடல் தளர்ந்தவர்களுக்கு வழியையே தைத்து மூடும் சிறிய ஒபரேஷனும் உண்டு. மூடினால் மூடியதுதான் என்பதைத் தெரிந்தே சம்மதிக்க வேண்டும். மற்ற ஒபரேஷன்களில் சில வருடங்களில் இறக்கம் திரும்பி வரவும் கூடும்.

எந்த வழி என்பதை உம்மாவே முடிவெடுக்கட்டும். “வளையம் எனக்குச் சரிவருமா?” என்று அவர் கிளினிக்கில் கேட்க வேண்டும். வெட்கப்பட்டால் கூடப் போகும் மகளோ மருமகளோ கேட்கலாம். வளையம் வைத்தால், கழற்றிப் பார்க்க வேண்டிய திகதியை மகளின் ஃபோனிலும் பதிந்து வைப்போம். உம்மாவின் ஞாபகத்தில் மட்டும் விட வேண்டாம்.