எழுத்துத் திருட்டு: விதியின் சொல்லும் தண்டனையின் அளவும்

கல்லூரிக் கையேடுகள் பலவற்றில் ஒரே தொடரைக் காண்கிறோம்: “பிறர் எழுத்தைத் திருடுவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.” முதலாண்டு மாணவர் இதன்கீழ்க் கையொப்பமிடுகிறார். எது திருட்டு என்பதை இத்தொடர் அவருக்குச் சொல்லவில்லை. ஓர் எடுத்துக்காட்டும் தரவில்லை. ‘கடும்’ என்பதன் அளவும் அவருக்குத் தெரியாது. பொருள் விளங்காத விதி, நேர்மையான மாணவரை அச்சுறுத்தும், மற்றவரைத் தடுக்காது. ஆகவே இவ்விதியைத் திருத்தி எழுத வேண்டும் என்பது எம் கருத்து.

பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இது குறித்து ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. பிறருடைய படைப்பையோ கருத்தையோ எடுத்துத் தமதாகக் காட்டுவதே எழுத்துத் திருட்டு என்று அவை வரையறுக்கின்றன. ஒப்புமையின் அளவைக் கொண்டு தண்டனையை நான்கு நிலைகளாகவும் வகுக்கின்றன. ஆய்வேட்டில் பத்து விழுக்காடு வரை ஒப்புமை இருப்பின் தண்டனை இல்லை. பத்துக்கு மேல் நாற்பது வரையாயின், ஆறு மாதத்திற்கு மிகாத காலத்துக்குள் திருத்தி அளிக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் அறுபது வரையாயின், திருத்திய ஏட்டை ஓராண்டுக் காலம் அளிக்க இயலாது. அறுபதைக் கடந்தால் பதிவே நீக்கப்படும். குற்றத்திற்கேற்பத் தண்டனை ஏறுமுகமாக அமைந்தது இவ்விதிகளின் சிறப்பு.

ஆயினும் நம் மாணவர் பெரும்பாலோர்க்கு இவை பொருந்தா. வகுப்பு ஒப்படைப்பு, பருவக் கட்டுரை, திட்ட அறிக்கை, விடைத்தாள் ஆகியவற்றை அவ்விதிகளே விலக்கிவிடுகின்றன. முதுகலை, ஆய்வுப் பட்டங்களுக்கான ஏடுகளும் வெளியிடப்படும் ஆய்வெழுத்துகளுமே அவற்றின் எல்லைக்குள் வருகின்றன. இளங்கலை மாணவர் எழுதும் ஒப்படைப்புக்கு நீதி வழங்க அந்தந்தக் கல்லூரியின் விதியே உள்ளது. அங்கேதான் அந்தத் தெளிவற்ற ஒற்றைத் தொடர் நிற்கிறது.

இதன் விளைவை ஒரு கற்பனை நிகழ்வால் விளக்குவோம். ‘எம் ஊர் வரலாறு’ என்னும் ஒப்படைப்பை முசிறிப் பகுதி மாணவர் மூவர் எழுதுவதாகக் கொள்வோம். பொன்னொடு வந்த யவனர் கலங்கள் மிளகொடு மீண்டதாகச் சங்கப் பாடல் கூறுவது சேரநாட்டுப் பேரியாற்றங்கரை முசிறியைப் பற்றியது. காவிரியின் வடகரையில் குளித்தலைக்கு எதிரே அமைந்த நம் முசிறியைப் பற்றியதன்று. மூவர் கட்டுரையிலும் யவனர் கலங்கள் காவிரியில் வந்து நிற்கின்றன! ஒரே பிழை மூன்று கட்டுரைகளில் வருமாயின், பொதுவான மூலம் ஒன்று உண்டு என ஆசிரியர் ஐயுறுவது இயல்பே. சரியான செய்திகள் பலரிடம் ஒத்திருக்கலாம். ஒரே பிழை தற்செயலாக ஒத்திருப்பது அரிது.

விசாரித்தால், மூவரும் ஒரே சிறுநூலைப் பார்த்திருப்பது தெரியவருகிறது. முதல் மாணவர் அந்நூலின் இரண்டு பக்கங்களை அப்படியே எழுதி, நூற்பெயரை எங்குமே குறிக்கவில்லை. இரண்டாமவர் செய்தியைத் தம் சொற்களில் எழுதினார். ஆனால் எங்கிருந்து பெற்றார் என்பதைக் கூறவில்லை. மூன்றாமவர் நூலின் பெயரை இறுதியில் குறித்தார். ஆயினும் எடுத்த தொடர்களுக்கு மேற்கோள் குறி இடவில்லை. ‘கடும் நடவடிக்கை’ என்னும் விதியின்படி மூவரும் ஒரே தட்டில் நிற்பர். உண்மையில் முதல்வரிடம் மறைக்கும் நோக்கத்திற்கு இடமுண்டு. இரண்டாமவர் கருத்துக்குக் கடன் கூறத் தவறினார். மூன்றாமவருக்கோ குறியிடும் முறை தெரியவில்லை. மூவருக்கும் ஒரே தண்டனை தருவது நீதியாகாது. மூவரும் சரிபாராமல் எழுதிய பிழைக்கு மதிப்பெண் குறைக்கலாம். அது வேறு கணக்கு.

விழுக்காட்டை மட்டும் நம்பினாலும் இந்த வேறுபாடு புலப்படாது. நூறு பக்க ஆய்வேட்டில் முடிவுரை இயல் ஒன்பது பக்கம். அது முழுவதும் பிறருடையதாயினும் ஒன்பது விழுக்காடே. அட்டவணையை அப்படியே பின்பற்றினால் தண்டனை இல்லை. மறுபுறம், சங்கப் பாடல்களை நிறைய எடுத்தாண்ட நேர்மையான ஏட்டில் ஒப்புமை முப்பது விழுக்காட்டை எட்டலாம். பெயர் சுட்டி எடுத்த மேற்கோள்களையும் துணைநூற் பட்டியலையும் கழித்த பின்னரே கணக்கிட வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு விதிகளே கூறுகின்றன. கழிக்காமல் எண்ணை மட்டும் பார்ப்போரே இங்குத் தவறுகின்றனர்.

தமிழ் ஏடுகளுக்கு மற்றோர் இடரும் உண்டு. ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஏடு, மென்பொருளுக்குப் பொருளற்ற குறிகளாகவே தெரியும். ஒப்புமை ஏதுமின்மை எனக் காட்டிவிடும். ஆங்கில நூலொன்றை வரிக்கு வரி மொழிபெயர்த்து எழுதினாலும் சொல் ஒப்புமை தென்படுவது அரிது. எனவே, எண் ஐயத்தை எழுப்பலாம். தீர்ப்பை வழங்க, பாடம் அறிந்த ஆசிரியர் படித்துப் பார்த்தே ஆகவேண்டும்.

முன்னோர் சொல்லை எடுத்தாள்வது நம் மரபில் இழிவன்று. பழைய நூற்பாவைத் தம் நூலில் அப்படியே வைப்பதற்குப் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் காரணம் கூறுகிறார்: முன்னோர் சொல்லைப் போற்றுவதும், தம் நூல் அவர்வழிப்பட்டது என்று காட்டுவதுமே அக்காரணம். எடுத்தாள்வதும் திருடுவதும் வேறுபடும் இடம் இதுவே. எடுத்தோம் என்று காட்டினால் அது மேற்கோள், மறைத்தால் திருட்டு.

இந்த அடிப்படையில் விதியைப் பின்வருமாறு எழுதலாம்:

“பிறர் எழுதிய தொடரையோ, கண்ட முடிவையோ, மொழிபெயர்த்தோ மாற்றி எழுதியோ பயன்படுத்தினாலும், அது யாருடையது என்று குறிக்காமல் தமதாகக் காட்டுவது எழுத்துத் திருட்டு. அனைவரும் அறிந்த செய்திக்குச் சான்று வேண்டியதில்லை. காவிரி முசிறி வழியே ஓடுகிறது என்பது அத்தகையது. நூற்பெயரைக் குறித்து மேற்கோள் குறியிடத் தவறுவது குறிப்புப் பிழை, அது திருட்டாகாது. குறிப்புப் பிழையுள்ள ஒப்படைப்பை ஒரு வாரத்தில் மதிப்பெண் இழப்பின்றித் திருத்தித் தரலாம். கருத்தை எடுத்து மூலத்தைக் குறிக்காதவர், திருத்தித் தருவதோடு மதிப்பெண்ணில் ஒரு பகுதியை இழப்பர். பக்கங்களைப் பெயர் சுட்டாமல் அப்படியே எழுதியவருக்கு அந்த ஒப்படைப்பில் மட்டும் மதிப்பெண் இல்லை. அச்செயலை மீண்டும் செய்வோர் துறைக் குழுவின் முன் விளக்கம் அளிக்க வேண்டும்.”

இதில் நோக்கம், அளவு, மறுமுறை செய்தல் ஆகிய மூன்றும் எடைபோடப்படுகின்றன. ஒரு ஒப்படைப்பின் தவறு பட்டப்படிப்பையே பறிக்காது. முதலாண்டு மாணவரின் அறியாமையும் மூன்றாமாண்டு மாணவரின் துணிவும் ஒன்றாகக் கருதப்படமாட்டா.

எஞ்சியிருப்பது, யார் முடிவு செய்வது என்பதாகும். 2018ஆம் ஆண்டு விதிகள் துறைதோறும் மூவர் குழுவை ஏற்படுத்தி, துறைத் தலைவரோடு பிற துறை மூத்த ஆசிரியர் ஒருவரையும் அதில் வைக்கின்றன. நாற்பத்தைந்து நாள்களுக்குள் அறிக்கை தருமாறும் பணிக்கின்றன. ஒப்படைப்புக்கு இவ்வளவு நீண்ட காலம் வேண்டா. இரண்டு வாரம் போதும். ஆனால் குற்றம் சாட்டிய ஆசிரியரே தீர்ப்பும் வழங்குவது கூடாது என்னும் நெறி இங்கும் பொருந்தும். ஐயத்துக்குரிய பக்கத்தையும் மூலப் பக்கத்தையும் அருகருகே வைத்து மாணவரிடம் காட்டி, அவர் கூறுவதைக் கேட்ட பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

மாணவர் அடுத்த முறை கையொப்பமிடும்போது, எதற்குக் கையொப்பமிடுகிறோம் என்பதை அறிந்து இடட்டும்.