கிரேப்ஃப்ரூட் ஜூஸ் காலையில், மாத்திரை இரவில்... இடைவெளி விட்டால் போதுமா?

'இந்த மருந்துடன் கிரேப்ஃப்ரூட் சாப்பிட வேண்டாம்.' சில கொலஸ்ட்ரால், பிபி மாத்திரைகளின் விவரச் சீட்டில் இப்படி ஒரு வரி இருக்கும். நம்மில் பலர் அந்தச் சீட்டையே பார்ப்பதில்லை. மெடிக்கல் ஷாப்பில் பத்து மாத்திரையை அட்டையிலிருந்து வெட்டித் தரும்போது சீட்டு கடையிலேயே தங்கிவிடுகிறது. பார்க்கிறவர்களிலும் சிலர் 'கிரேப்' என்ற சொல்லை வைத்து திராட்சையை நிறுத்திவிடுகிறார்கள்.

முதலில் இதைத் தெளிவுபடுத்திவிடுவோம். கிரேப்ஃப்ரூட் திராட்சை இல்லை. அது ஆரஞ்சு குடும்பத்துப் பழம். நம்ம ஊர் பம்பளிமாஸும் இனிப்பு ஆரஞ்சும் கலந்து உருவான இனம். பார்க்க பெரிய சாத்துக்குடி மாதிரி இருக்கும், உள்ளே வெளிர் மஞ்சள் அல்லது சிவப்பு, சுவையில் லேசான கசப்பு. கொத்துக் கொத்தாகத் தொங்குவதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

தற்செயலாகக் கிடைத்த உண்மை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளரின் குழு, ஃபெலோடிபின் என்ற பிபி மருந்தை மதுவுடன் சேர்த்து எடுத்தால் என்ன ஆகும் என்று பரிசோதித்தது. யாருக்கு மது, யாருக்கு வெறும் ஜூஸ் என்பது பங்கேற்பாளர்களுக்குத் தெரியக்கூடாது. மதுவின் சுவையை மறைக்க கிரேப்ஃப்ரூட் ஜூஸைத் தேர்ந்தெடுத்தார்கள். முடிவு வந்தபோது ஒரு குழப்பம். மது குடித்தவர்கள், குடிக்காதவர்கள் என இரு தரப்பினர் ரத்தத்திலும் மருந்து வழக்கத்தைவிட மிக அதிகம். சந்தேகம் ஜூஸ் பக்கம் திரும்பியது.

1991-ல் 'லான்செட்' இதழில் வந்த அவர்களின் அடுத்த ஆய்வு அதை உறுதி செய்தது. ஃபெலோடிபினைத் தண்ணீருடன் எடுத்ததோடு ஒப்பிட்டால், கிரேப்ஃப்ரூட் ஜூஸுடன் எடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த மருந்து சராசரியாக கிட்டத்தட்ட 3 மடங்கு. ஆளுக்கு ஆள் இது மாறியது, ஒருவருக்கு 4 மடங்கையும் தாண்டியது.

குடலில் என்ன நடக்கிறது?

நாம் விழுங்கும் மாத்திரை முழுவதும் ரத்தத்துக்குப் போவதில்லை. சிறுகுடல் சுவரில் சிஒய்பி3ஏ4 என்ற நொதி இருக்கிறது. செக்போஸ்ட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் சில மருந்துகளில் பெரும்பகுதியை அது அங்கேயே சிதைத்துவிடும். சிம்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையில், குடலையும் கல்லீரலையும் தாண்டி ரத்தத்துக்குப் போவது 5 சதவீதத்துக்கும் குறைவு. இந்த இழப்பைக் கணக்கில் வைத்துத்தான் மாத்திரையின் அளவையே முடிவு செய்திருக்கிறார்கள்.

கிரேப்ஃப்ரூட்டில் உள்ள ஃபியூரனோகூமரின் என்ற வேதிப்பொருட்கள் இந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும். கொஞ்ச நேரம் தடுத்து வைத்துவிட்டு விடுவதில்லை, அந்த நொதி அதோடு காலி. குடல் செல்கள் புதிதாக நொதியை உருவாக்கினால்தான் நிலைமை சரியாகும். அதற்கு ஒன்று முதல் மூன்று நாள் வரை ஆகலாம்.

அதனால்தான் 'காலையில் ஜூஸ், ராத்திரி மாத்திரை' கணக்கு முழுசாக வேலை செய்வதில்லை. இடைவெளி விட்டால் தாக்கம் குறையும், நிற்காது. ஃபெலோடிபின் ஆய்வுகளில், ஜூஸ் குடித்து 24 மணி நேரம் கழித்து மாத்திரை எடுத்தபோதும் மிச்சத் தாக்கம் தெரிந்தது. தினமும் ஒரு டம்ளர் குடிப்பவருக்கு நொதி மீண்டு வரவே அவகாசம் கிடைக்காது.

ஒரு உதாரணம்

டொரண்டோவில் இருக்கும் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கப் போகிறார் 65 வயது அப்பா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். தினமும் சிம்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் எடுக்கிறார். ஃப்ரிட்ஜில் கிரேப்ஃப்ரூட் ஜூஸ் இருக்கிறது, 'சுகர் கம்மி, உடம்புக்கு நல்லது' என்று தினமும் 200 மில்லி குடிக்க ஆரம்பிக்கிறார்.

தினம் 200 மில்லி ஜூஸ் கொடுத்து நடந்த ஓர் ஆய்வில், 40 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டினின் ரத்த அளவு சுமார் மூன்றரை மடங்காக உயர்ந்தது. அந்தக் கணக்கில் இவர் விழுங்குவது 40, உடல் சந்திப்பது 140-க்குச் சமம். 80 மில்லிகிராமையே புதியவர்களுக்குத் தொடங்க வேண்டாம் என்று 2011-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது. காரணம், தசைச் சிதைவு ஆபத்து.

எல்லோருக்கும் இது வராது. வந்தால் எப்படித் தெரியும்? தொடை, தோள், இடுப்புத் தசைகளில் காரணமில்லாத வலி, பலவீனம். மாடிப்படி ஏறவே சிரமம். 'வயசாச்சு, குளிர் ஒத்துக்கலை' என்று அவர் விட்டுவிடலாம். சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் அது அவசரம். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரில் வெளியேறுகிறது, அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்று பொருள். சிபிகே என்ற ரத்தப் பரிசோதனை இதைக் காட்டிவிடும். பிபி மாத்திரை என்றால் அடையாளம் வேறு: எழுந்து நின்றால் தலைசுற்றல், முகம் சிவத்தல், படபடப்பு, கால் வீக்கம்.

எந்த மாத்திரைக்குக் கவனம்?

கொலஸ்ட்ரால் மருந்துகளில் சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் இரண்டுக்கும் தாக்கம் அதிகம். நம்ம ஊரில் அதிகம் எழுதப்படும் அடோர்வாஸ்டாட்டினுக்கு நடுத்தரம். 240 மில்லி ஜூஸில் ரத்த அளவு சுமார் 37 சதவீதம் கூடும் என்கிறது அதன் விவரச் சீட்டு. ரோசுவாஸ்டாட்டின், பிராவாஸ்டாட்டின் வேறு வழியில் கையாளப்படுவதால் இந்தப் பிரச்சினை பெரிதாக இல்லை.

பிபி மருந்துகளில் ஃபெலோடிபினுக்கு அதிகம், நிஃபெடிபினுக்கு அதைவிடக் குறைவு, அம்லோடிபினுக்கு மிகக் குறைவு. பெயர்கள் ஒன்று போல ஒலிப்பதால் அட்டையில் பிராண்ட் பெயருக்குக் கீழே உள்ள மருந்தின் பெயரைப் படிக்க வேண்டும்.

பம்பளிமாஸிலும் அதே வேதிப்பொருட்கள் உண்டு, அளவு ரகத்துக்கு ரகம் மாறும். எனவே சிம்வாஸ்டாட்டின், ஃபெலோடிபின் எடுப்பவர்கள் அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. திராட்சையை இதற்காக விட வேண்டாம். இனிப்பு ஆரஞ்சு வகையான சாத்துக்குடிக்கும் இந்த எச்சரிக்கை கிடையாது.

சரி, தெரியாமல் குடித்துக்கொண்டிருந்தால்? ஜூஸை நிறுத்துங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிபி மாத்திரையைத் திடீரென விடுவது இன்னொரு ஆபத்து. டாக்டரிடம் சொன்னால் பாதிப்பில்லாத மருந்துக்கு மாற்ற முடியும்.

இதில் நோயாளியை மட்டும் குறை சொல்ல முடியாது. படிக்கவே கிடைக்காத சீட்டில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும் எச்சரிக்கை யாரையும் காப்பாற்றாது. இந்த மருந்துகளின் அட்டையிலேயே 'கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் தவிர்க்கவும்' என்று தமிழில் ஒரு வரி வர வேண்டும். அது வரும்வரை, மாத்திரையை வெட்டித் தரும் மருந்தாளுநர் பழத்தின் பெயரை வாயால் சொல்ல வேண்டும். பத்து விநாடிகூட ஆகாது.